நிக்கலா, இரிடியமா? பிளக் மாற்றும் முன் ஒரு கணக்கு

எங்கள் புளோக்கின் பல மாடிக் கார்ப்பார்க்கில் ஐந்தாவது மாடிக்கு ஏறும்போது மட்டும் என் கார் வெட்டி வெட்டி இழுத்தது. சிக்னலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பின்பக்கம் போய் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடிய 1.6 லிட்டர் எஞ்சின் 11.5-க்கு இறங்கிவிட்டது.

ஸ்கேனரில் `P0303` என்ற பிழைக்குறி வந்தது. மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. உடனே தீப்பொறி போடும் பிளக்கைக் குறைசொல்ல முடியாது, அதற்கு வோல்டேஜ் தரும் காயிலாகவும் இருக்கலாம். அதனால் மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, பிழைக்குறியை அழித்துவிட்டு மறுபடி மேலே ஏறினேன். காயில் கெட்டிருந்தால் `P0302` வந்திருக்கும். மீண்டும் `P0303` தான். கழற்றிப் பார்த்தால், 45,000 கிலோமீட்டர் ஓடிய நிக்கல் பிளக். பொறி பாயும் இரண்டு முனைகளுக்கு நடுவே 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.5 ஆகியிருந்தது. நடுமுனையின் கூரான விளிம்பு, கரைந்த சோப்புத் துண்டு மாதிரி உருண்டுபோயிருந்தது. மற்ற மூன்றும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதே வழியில் போய்க்கொண்டிருந்தன.

தீப்பொறி கூரான விளிம்பிலிருந்துதான் சுலபமாகப் பாயும். விளிம்பு மழுங்கி இடைவெளியும் கூடினால் அதிக வோல்டேஜ் வேண்டும். மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடுவதால் இன்னும் அதிகம் வேண்டும். காயிலால் அதைத் தர முடியாமல் போகும் அந்தக் கணத்தில் பொறி விழாது. எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய்விடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே போகிறது. அங்கே உள்ள சென்சார் ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும், பெட்ரோலைப் பார்க்காது. ‘ஆக்சிஜன் மிஞ்சுகிறதே, பெட்ரோல் போதவில்லை போல’ என்று கம்ப்யூட்டர் தப்பாகப் புரிந்துகொண்டு, நன்றாக ஓடும் சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஊற்றும். மைலேஜ் இப்படி இரண்டு வழியில் அடிவாங்குகிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகவும் கூடும். எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் அந்த ஆபத்து என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை உடனே தளர்த்திவிட வேண்டும்.

சரி, என்ன போடுவது? வொர்க்‌ஷாப் அண்ணன் முதலில் சொன்னது, “பிரஷ் போட்டு, கேப் சரிபண்ணித் தர்றேன் தம்பி, ஓடும்.” ஓடத்தான் ஓடும், கொஞ்ச நாளைக்கு. இடைவெளியைச் சுருக்கலாம், தேய்ந்த விளிம்பு திரும்ப வராது. இரிடியம் பிளக்கில் இந்த வேலையே கூடாது. அதன் நடுமுனை சில வகைகளில் 0.4 மில்லிமீட்டர்தான், கம்பி பிரஷ் பட்டால் போச்சு.

நிக்கலின் நடுமுனை சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய உலோகம்தானே சீக்கிரம் தேய வேண்டும் என்று தோன்றும். ஆனால் இரிடியம் உருக ஏறத்தாழ 2,450 டிகிரி வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும். அதனால் நிக்கல் 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில் மழுங்க, இரிடியம் 100,000 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம்: புது இரிடியம், புது நிக்கலைவிடக் குறிப்பிடும்படி மைலேஜ் தராது. அந்தப் புதுசை நெடுநாள் காப்பாற்றும், அவ்வளவுதான்.

எனக்குச் சொன்ன விலை: நிக்கல் ஒன்று 9 வெள்ளி, இரிடியம் 24, கூலி எதற்கும் 30. என் சிஓஇ முடிய 15 மாதம்தான். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினாலும் 22,500 தான் வரும். ஸ்க்ராப்புக்குப் போகும் காருக்கு இரிடியம் எதற்கு? நிக்கலே போட்டேன், 66 வெள்ளி. மைலேஜ் 13-ஐத் தொட்டது. மாதம் 15 லிட்டர் மிச்சம், லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் 45 வெள்ளி. இரண்டே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிட்டது.

மச்சான் கதை வேறு. தனியார் வாடகைக் கார், மாதம் 5,000 கிலோமீட்டர். நிக்கல் போட்டால் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 100,000 கிலோமீட்டருக்கு நான்கு முறை, 264 வெள்ளி. இரிடியம் என்றால் ஒரே முறை, 126. வொர்க்‌ஷாப்பில் காத்துக்கிடந்து வாடகை இழக்கும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. வி6 எஞ்சின்களில் பின்வரிசைப் பிளக்கை எட்ட, பலவற்றில் மேலே உள்ள இன்டேக்கையே கழற்ற வேண்டியிருக்கும். அங்கே கூலியே பிளக் விலையைத் தாண்டும் என்பதால் யோசிக்காமல் இரிடியம்தான்.

டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. சிலிண்டர் அழுத்தம் அதிகம், இடைவெளியும் பெரும்பாலும் 0.7, 0.8 என்று குறுகலாக இருக்கும். கையேட்டில் எந்தப் பிளக் எண் போட்டிருக்கிறதோ, அதையே வாங்குங்கள்.