மூன்றாவது விசை எங்கே போகிறது? நான்காண்டு விசைப்பலகை அனுபவம்

குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். உப்புக் காற்றில் ஜன்னல் கொக்கி முதல் மிக்ஸி வரை எல்லாம் துருப்பிடிக்கும் ஊர் என்பதால், நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மெம்பிரேன் விசைப்பலகை விளையாட்டின் நடுவே சொன்னபடி கேட்காமல் போனதும் துருவைத்தான் சந்தேகித்தேன். அக்காள் மகன் ஓடிக்கொண்டே இடப்பக்கம் திரும்பிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் "மாமா, இது சாட மாட்டேங்கு" என்று கூப்பிடுவான். குதிப்பதை எங்கள் பக்கத்தில் சாடுவது என்றுதான் சொல்வோம். ஸ்பேஸ் விசையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அதன்பின் செய்த ஒரு சிறு சோதனைதான் கண்ணைத் திறந்தது. ஸ்பேஸைத் தனியாக அழுத்தினால் குறையின்றி வேலை செய்தது. மேல் அம்பையும் இடது அம்பையும் பிடித்தபடி அழுத்தினால் மட்டும் பதிவாகவில்லை. வரிசையை மாற்றி, முதலில் ஸ்பேஸையும் மேல் அம்பையும் பிடித்துக்கொண்டு இடது அம்பை அழுத்தியபோது, இம்முறை இடது அம்பு பதிவாகவில்லை. அதாவது, எந்த விசை கடைசியாக வருகிறதோ அதுவே காணாமல் போனது. கெட்டுப்போன விசை தனியாக அழுத்தினாலும் தகராறு செய்யும். குறிப்பிட்ட கூட்டணியில் மட்டும் தோற்கும் விசையில் பழுது இல்லை, குறை விசைப்பலகையின் உள் அமைப்பில் இருக்கிறது.

நூற்றுச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. நெடுக்குக் கோடுகளும் குறுக்குக் கோடுகளுமாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசையை வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சிப் ஒவ்வொரு கோட்டுக்கும் மாறி மாறி மின்சாரம் கொடுத்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் பிடித்தால், மின்சாரம் அந்த மூன்று வழியாகவும் சுற்றிப் போய், யாரும் தொடாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டிவிடும். இந்தப் பொய் விசையே கோஸ்டிங். அழுத்தாத எழுத்து திரையில் வருவதைவிட அழுத்தியது வராமல் இருப்பதே மேல் என்று கருதி, பெரும்பாலான சிப்கள் மூன்றாவது விசையையே தடுத்துவிடுகின்றன. என் மருமகனின் சாட்டம் போன இடம் அதுதான்.

விளையாட்டின் அமைப்பில் குதிப்பதை இடது ஷிப்டுக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. மற்ற விசைகளோடு சேர்த்தே அழுத்தப்படுபவை என்பதால், ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றைக் கட்டத்தில் மோதாதபடி ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் Sticky Keys பெட்டியைத் திறந்து ஆட்டத்தைக் கெடுக்கும். அந்தக் குறுக்குவழியை முதலில் அணைத்துவிட வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு விசைக்கும் டயோடு வைத்த மெக்கானிக்கல் விசைப்பலகைக்கு மாறினேன். டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவதால் அந்தச் சுற்றுப்பாதை அடைபட்டுவிடுகிறது. இனிக் குறையே இராது என்று நம்பியிருந்த நிலையில், நானும் மருமகனும் ஒரே விசைப்பலகையில் கால்பந்து ஆடியபோது புதிய தடை வந்தது. அவன் நான்கு விசை, நான் மூன்று பிடித்தால் ஏழாவது பதிவாகவில்லை. இதற்குக் காரணம் கட்டம் அல்ல, யுஎஸ்பி வழியே போகும் செய்தி. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் நிரலும் புரிந்துகொள்ளும் எளிய முறையில் விசைப்பலகை ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்புகிறது: ஷிப்ட் போன்ற எட்டு விசைகளுக்குச் சேர்த்து ஒரு பைட், வெறுமனே விடப்பட்ட ஒரு பைட், மற்ற விசைகளுக்கு 6 பைட். ஆறு இருக்கைதான் இருக்கிறது, ஏழாமவருக்கு இடமில்லை. என் விசைப்பலகையில் Fn விசையுடன் N அழுத்தினால் என்-கீ ரோல்ஓவர் முறைக்கு மாறுகிறது. அதன்பின் எத்தனை விரல் வைத்தாலும் அத்தனையும் பதிவாகின்றன.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் 'ஆன்டி கோஸ்டிங், 19 கீ' என்று அச்சிட்டிருப்பதை நிதானமாகப் படிக்க வேண்டும். டயோடு இல்லாத விலை குறைந்த பலகைகளில் அது பெரும்பாலும் W, A, S, D விசைகளைச் சுற்றியுள்ள சிலவற்றை மட்டும் மோதாமல் அமைத்திருப்பதையே குறிக்கும். அம்பு விசைகளில் ஆடுபவருக்கு அதனால் பயன் இராது. கடையிலேயே ஒரு கணினியில் செருகி, தாம் ஆடும் மூன்று நான்கு விசைகளைப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

பழைய மெம்பிரேன் பலகையை நான் தூக்கிப் போடவில்லை. அதையும் இன்னொரு யுஎஸ்பி துளையில் செருகி மருமகனிடம் கொடுத்திருக்கிறேன். அதற்கென்று தனிக் கட்டமும் தனிச் செய்தியும் இருப்பதால், என் விரல்கள் இப்போது அவன் ஆட்டத்தில் குறுக்கிடுவதில்லை.