ரீசேல் ஃப்ளாட்டுக்கு டோக்கன் கொடுக்கும் முன் சங்கத்துக் கணக்கைக் கேளுங்கள்: என் ஒரு லட்சம் போய்விட்டது

ஒரு லட்சம் ரூபாய். பழைய ஃப்ளாட் ஒன்றுக்கு டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்த பணம். "அது திரும்ப வராது சார்" என்று ஓனர் இன்று காலை போனில் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். சென்னையில் ரீசேல் ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாக இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டு இப்போது காலியாகக் கிடக்கும் ஃப்ளாட்டைப் பார்ப்பவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

வீடு வாங்க விற்க என்றே இருக்கும் ஒரு ஆப்பில்தான் விளம்பரத்தைப் பார்த்தோம். இரண்டு பெட்ரூம், 1,080 சதுர அடி, லிஃப்ட், கவர்டு பார்க்கிங், விலை 62 லட்சம். ஆப்பின் ஆள் ஒருவர் வந்து வீட்டைக் காட்டினார், ஓனரும் கூடவே இருந்தார். ரிட்டயர் ஆன மனிதர், மரியாதையான பேச்சு. என் மனைவி நேரடியாகவே கேட்டாள்: "மெயின்டனன்ஸ், ஈபி எல்லாம் பாக்கி ஏதும் இல்லையே?" அவர் உடனே போனை எடுத்து ஒரு ரசீதின் படத்தைக் காட்டினார். சங்கத்தின் பெயர், ஃப்ளாட் எண், அந்த மாதத்துத் தேதி, தொகை 3,780 ரூபாய். சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் வீதம் ஒரு மாத மெயின்டனன்ஸ் எவ்வளவோ, சரியாக அதே தொகை. "நான் ஒரு மாசம் விட்டுவைக்க மாட்டேம்மா, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு லட்சம் கை மாறியது.

லைட் எரியவில்லை. கேட்டோம். "வீடு காலியா இருக்கு, மெயினை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். லிஃப்ட் ஓடியது, படிக்கட்டில் விளக்கு எரிந்தது, அதனால் யாருக்குமே சந்தேகம் வராது. அது பொது இணைப்பு, அந்த பில் சங்கத்தின் கணக்கு. வீட்டுக்குள் இருப்பது தனி சர்வீஸ் எண், தனி பில். ஒன்று ஓடுவதை வைத்து மற்றதைப் பற்றி எதுவும் தெரியாது.

இறங்கி வரும்போதே ஆப்காரர் அவசரப்படுத்தத் தொடங்கினார். "சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க சார், ரெடி கேஷ். டோக்கன் போட்டா நான் ஹோல்டு பண்ணிடுவேன். சொசைட்டி என்ஓசி எல்லாம் ரிஜிஸ்ட்ரேஷன் சமயத்துல வாங்கிக்கலாம், அது ஃபார்மாலிட்டி." முப்பது வருஷ வில்லங்கச் சான்று ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருந்தேன், சுத்தமாக இருந்தது. தாய்ப் பத்திரத்தையும் வக்கீல் பார்த்திருந்தார். ஒரு லட்சத்தை ஓனர் கணக்குக்கு அனுப்பினேன். பணம் ஏறிய பிறகுதான் அவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது: "டோக்கன் ரூ.1,00,000 பெற்றுக்கொண்டேன். பையர் விலகினால் தொகை திரும்பத் தரப்படாது." இந்த இரண்டாவது வரியை வீட்டில் நின்று பேசும்போது அவரும் சொல்லவில்லை, ஆப்காரரும் சொல்லவில்லை.

வீட்டுக் கடனுக்கு பேங்க் கேட்ட காகிதங்களில், விற்பனைக்கு ஆட்சேபணை இல்லை என்று சங்கம் கொடுக்கும் என்ஓசியும் இருந்தது. அதை வாங்கப் போனபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. சங்கத்துப் பொருளாளர் கம்ப்யூட்டரில் அந்த ஃப்ளாட்டின் லெட்ஜரைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். 28 மாத மெயின்டனன்ஸ் பாக்கி, 1,05,840 ரூபாய். கட்டடம் முழுக்கப் பெயின்ட் அடிக்கப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் 40,000 வசூலித்திருக்கிறார்கள், அதிலும் ஒரு பைசா வரவில்லை. சங்கத்து பைலாப்படி மாதம் ஒரு சதவீத வட்டி, அது 14,288. மொத்தம் 1,60,128 ரூபாய்.

"ரசீது காட்டினாரே சார்?" என்றேன். பொருளாளர் அதே ரசீதின் நகலை எடுத்தார். கீழே 'விவரம்' என்று ஒரு வரி. அதில் 'பழைய பாக்கியில் பகுதி' என்று எழுதியிருந்தது. எங்களிடம் போனில் காட்டிய படத்தில் அந்த வரி வெட்டப்பட்டிருந்தது. யார் என்ன கட்டினாலும் மிகப் பழைய பாக்கியில்தான் முதலில் கழிப்பார்களாம். அதாவது இந்த மாதத் தேதி போட்ட ரசீது, இந்த மாதம் வரை கட்டியதற்கு அத்தாட்சியே இல்லை. என்றைக்கோ விட்டுப்போன ஒரு மாதத்தை இன்றைக்குக் கட்டியதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். வீடு விற்கப் போகிறோம் என்று தெரிந்து, காட்டுவதற்கென்றே ஒரே ஒரு மாதத் தொகையைக் கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

கரண்ட் கதையை வாட்ச்மேன் சொன்னார். கடைசியாக இருந்த வாடகைக்காரர் பில் கட்டாமல் காலி செய்துவிட்டார், ஈபிக்காரர்கள் வந்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மெயினை ஆஃப் செய்து வைத்தது யாரும் இல்லை. குடிநீர் வாரியக் கட்டணமும் இரண்டு அரையாண்டுக்கு நிற்கிறது.

இதில் எதுவுமே வில்லங்கச் சான்றில் வராது. அதில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவை மட்டும்: கிரயம், அடமானம், செட்டில்மென்ட் போன்றவை. சங்கத்து பாக்கியை யாரும் அங்கே பதிவு செய்வதில்லை, ஈபி பாக்கியையும் தண்ணீர் பாக்கியையும் அப்படித்தான். வக்கீல் பார்ப்பது உரிமை யாருடையது என்பதை. பேங்க் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். இந்த இடைவெளியில்தான் இவர்கள் விளையாடுகிறார்கள்.

ஓனரைக் கூப்பிட்டேன். முதலில், "அப்படியா? சங்கத்துல ஏதோ கணக்குக் குளறுபடி, பேசிடறேன்" என்றார். பிறகு போனை எடுக்கவே இல்லை. மனைவியின் நம்பரிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார், குரலே மாறியிருந்தது: "மார்க்கெட் விலைக்குக் கம்மியாத்தானே கொடுக்கறேன்? பாக்கியெல்லாம் வாங்கறவங்கதான் பாத்துக்கணும்." சரி, விலையில் கழித்துக்கொண்டு நானே சங்கத்துக்கு நேராகக் கட்டிவிடுகிறேன் என்றேன். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. 62 லட்சமும் முழுசாக வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் பாக்கியும் என் தலையில் ஏற வேண்டும், இல்லையென்றால் டோக்கன் போச்சு. இதுதான் அவருடைய பேச்சு.

ஆப்பின் ஆளோ, "அது பையருக்கும் செல்லருக்கும் நடுவுல சார், நாங்க லிஸ்டிங் மட்டும்தான்" என்கிறார். டோக்கன் போடு போடு என்று லிஃப்ட் வாசலிலேயே நச்சரித்த அதே ஆள். கஸ்டமர் கேரில் புகார் பதிந்தேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதிலைப் போட்டு புகாரை முடித்துவிட்டார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். என் ஒரு லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வக்கீல் சொன்னதையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, விற்பனை நாள் வரை சொத்தின் மேல் சேர்ந்த பொதுக் கட்டணங்களைக் கட்ட வேண்டியது விற்பவரின் கடமை. சொத்து வரியெல்லாம் இதில் வரும். ஆனால் சங்கத்து மெயின்டனன்ஸ் என்று அந்தப் பிரிவில் பெயர் சொல்லி எழுதவில்லை, அதனால் அக்ரிமெண்டில் தனியாக ஒரு வரி போட்டே ஆக வேண்டும் என்றார். பணம் வாங்கிய பிறகு தானாக ஒரு நிபந்தனையை அனுப்பினால் அது என்னைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடலாமாம். வாதாடலாம்தான். ஒரு லட்சத்துக்காக சிவில் கோர்ட்டில் எத்தனை வருஷம் என்று கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஈபி பாக்கி சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய ஓனரின் மின் பாக்கியை, புது இணைப்புக் கேட்டு வரும் புது ஓனரிடம் வசூலிக்கலாம், விதிமுறையில் அதற்கு இடம் இருந்தால் போதும் என்று கே.சி.நினான் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பில் அவர் பெயரில், வாடகைக்காரர் எரித்த கரண்ட், பணம் கட்டுவது நீங்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, வக்கீல் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சிலது மட்டும். போனில் காட்டும் ரசீதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். டோக்கனுக்கு முன்னால் நீங்களே சங்கத்து ஆபீசுக்குப் போய்ச் செயலாளரையோ பொருளாளரையோ பாருங்கள். மூன்றாம் ஆளுக்குக் கணக்குக் காட்ட மாட்டோம் என்பார்கள், அதனால் ஓனரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இன்ன தேதி வரை பாக்கி இல்லை என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் வேண்டும். மெயின்டனன்ஸ் மட்டும் போதாது. பெயின்ட், லிஃப்ட், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று தீர்மானம் போட்ட தனி வசூல் ஏதும் நிற்கிறதா, இனி வரப்போகிறதா என்றும் கேளுங்கள். பெரிய செலவுகளுக்கென்று சங்கம் சேர்த்து வைத்திருக்கும் கார்பஸ் ஃபண்டில் அந்த ஃப்ளாட்டின் பங்கு உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஈபி சர்வீஸ் எண், சொத்து வரி எண், குடிநீர் வாரிய எண் மூன்றையும் ஓனரிடம் வாங்கி நீங்களே ஆன்லைனில் போட்டுப் பாருங்கள். ஈபிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், மற்ற இரண்டும் அரையாண்டுக்கு. வீட்டுக்குள் போனதும் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள், எரியவில்லை என்றால் மீட்டர் பலகைக்கே போய்ப் பாருங்கள். டோக்கன் அனுப்பும் முன்பே, பாக்கி ஏதாவது தெரியவந்தால் பணம் முழுசாகத் திரும்ப வேண்டும், இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலாவது அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகு அனுப்புங்கள்.

அந்த ஃப்ளாட் இன்றும் அதே ஆப்பில் இருக்கிறது. 'பாக்கி எதுவும் இல்லை' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நான் புகார் கொடுத்த பிறகும்.