சம்பளம் நேராகச் சென்னைக்கா, அங்கே வாங்கி அனுப்புவதா?

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் சித்தி பையன் போன வாரம் ஒரு மெயில் வரைவை எனக்கு அனுப்பினான். "அண்ணா, இதை பேரோலுக்கு அனுப்பிடட்டுமா?" இனிமேல் தன் சம்பளத்தைச் சென்னையில் உள்ள, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஈ கணக்கிலேயே போடச் சொல்லும் கடிதம் அது. வேளச்சேரி வீட்டுக் கடனுக்கு மாசம் 62,000, சித்திக்கும் சித்தப்பாவுக்கும் 25,000. எப்படியும் பணம் இங்கேதான் வரப்போகிறது, நடுவில் எதற்கு ஒரு கணக்கு என்பது அவன் கேள்வி. மாம்பலத்தில் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் இதையே வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள்.

முதல் முட்டுக்கட்டை பேரோல் படிவத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் கணக்கு எண் கேட்கும் கட்டத்தின் பெயர் IBAN. DE என்று தொடங்கும் 22 எழுத்துகள். இந்தியக் கணக்குகளுக்கு ஐபான் கிடையாது. நம்மிடம் இருப்பது கணக்கு எண்ணும் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சியும். அந்த ஐஎஃப்எஸ்சி இந்தியாவுக்குள் மட்டும்தான் ஓடும், வெளிநாட்டிலிருந்து அனுப்ப வங்கியின் ஸ்விஃப்ட் கோடு வேண்டும். ஆக, மற்ற எல்லாருக்கும் ஒரே கோப்பில் போகும் சம்பளத்திலிருந்து இவன் ஒருவனை மட்டும் பிரித்து, மாதாமாதம் கையால் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றம் செய்ய வேண்டும். சின்ன கம்பெனி என்றால் தயவு பண்ணலாம். பெரிய கம்பெனி பெரும்பாலும் மறுத்துவிடும். வங்கி விவரத்தை மாற்றச் சொல்லி ஊழியர் பெயரில் வரும் போலி மெயில்கள் வேறு உலகம் முழுக்க நடக்கும் மோசடி என்பதால், "கணக்கை இந்தியாவுக்கு மாற்றுங்கள்" என்றதுமே அவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

(அமீரகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. அங்கே தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வரும் கம்பெனிகள் டபிள்யூபிஎஸ் என்ற சம்பளப் பாதுகாப்பு முறையில், உள்ளூர் வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் சம்பளம் போட வேண்டும்.)

சரி, பேரோல் ஒத்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். சம்பளத்தை யூரோவில்தான் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். அப்படியானால் யூரோவை ரூபாயாக்குவது சென்னை வங்கி, அதுவும் அன்றைக்கு அது வைத்திருக்கும் வாங்கும் விலையில். இவன் கைக்கு வரும் சம்பளம் 3,400 யூரோ. கணக்கு சுலபமாக இருக்க, சந்தையில் ஒரு யூரோ 100 ரூபாய் என்றும், வங்கி ஒன்றரை ரூபாய் குறைத்து 98.50 தருகிறது என்றும் எடுத்துக்கொண்டேன். அந்த இடைவெளியிலேயே 5,100 ரூபாய் போய்விடுகிறது. நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி ஏறக்குறைய 400 ரூபாய். வழியில் இருக்கும் இடைவங்கி எடுத்துக்கொள்ளும் கட்டணம் தனி.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. வாடகை, சாப்பாடு, ரயில் பாஸ் என்று அவனுக்கு அங்கே மாசம் 1,900 யூரோ வேண்டும். அதை இங்கிருந்து திருப்பி அனுப்பினால் வங்கி 101.50க்கு விற்கும். இன்னொரு 2,850 ரூபாய் காலி. இங்கே வந்து அங்கே திரும்பும் பணத்துக்கு இரண்டு பக்கமும் சுங்கம். வாடகையும் போன் பில்லும் ஜெர்மன் கணக்கிலிருந்துதான் தானாக எடுக்கப்படுகின்றன என்பதால் அந்தக் கணக்கை மூடவும் முடியாது.

இரண்டாவது வழியில் சம்பளம் ஸ்டுட்கார்ட்டிலேயே விழுகிறது. அவன் அதிலிருந்து 900 யூரோ மட்டும், தானே விலை பார்த்து, சந்தை விலைக்கு ஒட்டிய ஒரு சேவை வழியாக அனுப்புகிறான். அரை சதவீதம் செலவானாலும் 450 ரூபாய்தான். மாசத்தில் பத்து நிமிஷ வேலை. வித்தியாசம் வருஷத்துக்கு ஒரு லட்சத்தை நெருங்குகிறது.

ஆனால் நான் அந்த மெயிலை நிறுத்தச் சொன்னதற்குப் பணம் முக்கியக் காரணம் இல்லை, வருமான வரிதான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு, வேலை வெளிநாட்டில் நடந்திருந்தாலும், வருமானம் இந்தியாவில் 'பெறப்பட்டால்' அது இங்கே வரிக்கு உட்பட்டது. 1961 சட்டத்தின் 5(2) பிரிவு அதைத்தான் சொல்லியது. சம்பளம் முதன்முதலில் கையில் கிடைக்கும் இடம் எது என்பதே கேள்வி. ஸ்டுட்கார்ட் கணக்கில் விழுந்து பிறகு சென்னைக்கு வந்தால், அங்கே கிடைத்துவிட்ட பணத்தை ஊருக்கு அனுப்புகிறான், அவ்வளவுதான். கம்பெனியே நேராகச் சென்னைக் கணக்கில் போட்டால், முதலில் கிடைத்த இடமே இந்தியா என்று அதிகாரி வாதாட இடம் உண்டு.

"என்ஆர்ஈ கணக்குக்குத்தான் வரியே இல்லையே அண்ணா?" என்றான். எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். வரி இல்லாதது அந்தக் கணக்கில் கிடைக்கும் வட்டிக்கு. அதில் வந்து விழும் சம்பளத்தைப் பற்றி அந்த விலக்கு ஒன்றும் சொல்லவில்லை. கப்பலில் போகிறவர்களுக்கு இதே சிக்கல் வந்து, 2017 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் 13/2017 சுற்றறிக்கை போட்டது: வெளிநாட்டுப் பயணக் கப்பலில் வேலை செய்யும் வெளிநாடுவாழ் மாலுமியின் சம்பளம் என்ஆர்ஈ கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதற்காக மட்டும் வரி கிடையாது. அது மாலுமிகளுக்குச் சொன்னது. அதைக் காட்டி ராயபுரத்து மரைன் இன்ஜினியர் தப்பலாம், ஸ்டுட்கார்ட் சாஃப்ட்வேர்காரன் தப்ப முடியாது.

அவனுக்கு வேறு கவசம் இருக்கிறது. இந்திய ஜெர்மன் இரட்டை வரி ஒப்பந்தப்படி, ஜெர்மனியில் வசித்து ஜெர்மனியிலேயே வேலை செய்பவரின் சம்பளத்துக்கு அங்கே மட்டும்தான் வரி. ஆனால் அதைக் கோர ஜெர்மன் வரி அலுவலகத்தின் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, இங்கே படிவம் நிரப்பி, ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஜெயிக்கிற கேஸ்தான். வருஷா வருஷம் அந்தக் கேஸை எதற்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? இவன் கிளம்பியது ஏப்ரல் தொடக்கத்தில். அக்டோபருக்கு அப்புறம் கிளம்பியிருந்தால் அந்த நிதியாண்டில் 182 நாளைத் தாண்டி இந்தியாவில் இருந்தவன் ஆகியிருப்பான். அந்த ஒரு வருஷத்துக்கு எந்த வழியில் வாங்கினாலும் சம்பளத்தை இங்கே காட்டியே ஆக வேண்டும்.

அவன் பயமெல்லாம் 5ஆம் தேதி இஎம்ஐ திரும்பிவிடுமோ என்பதுதான். நேர் வரவு அதைத் தீர்க்காது. மாசக் கடைசியில் கிளம்பும் ஸ்விஃப்ட் பணம் வங்கி விடுமுறையில் மாட்டினால் அதே கதைதான். இன்னொரு தொல்லை நம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசியில், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாக முன்னால். பெயர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வங்கி என் வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை ஆறு நாள் நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் மெயில் போகவில்லை. ஜெர்மன் கணக்கில் மாசம் 1ஆம் தேதி தானாக 900 யூரோ கிளம்பும்படி வைத்திருக்கிறான். வீட்டுக் கடன் வங்கியிடம் இஎம்ஐ தேதியை 10க்கு மாற்றக் கேட்டிருக்கிறான். என்ஆர்ஈ கணக்கில் இரண்டு இஎம்ஐ தொகையைத் தொடாமல் விட்டிருக்கிறான். ஊரில் இருந்தபோது வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கு மட்டும், வெளிநாடு போனவர்களின் உள்ளூர்ப் பணத்துக்கான என்ஆர்ஓ கணக்காக இன்னும் மாறாமல் கிடக்கிறது. அந்தப் படிவத்தை நேற்று அனுப்பினேன், இன்னும் கையெழுத்துப் போட்டுத் திருப்பவில்லை.