பிரிண்டர் இல்லாமல் ரிட்டர்ன் அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு பார்சலைக் கொடுங்கள்

செந்தூல் பக்கம் இருக்கிறேன். ஷாப்பிங் ஆப் ஒன்றில் 189 ரிங்கிட்டுக்கு வாங்கிய மிக்ஸியின் ஜாடி விரிசலோடு வந்தது, ரிட்டர்ன் கேட்டேன், உடனே சம்மதித்துவிட்டார்கள். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

கனமான பெட்டி என்பதால் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஈமெயிலில் ஒரு கியூஆர் கோடும் பி.டி.எஃப் லேபிளும் வந்தன. வீட்டில் பிரிண்டர் இல்லை, என்ன செய்வது என்று அவர்களுடைய சாட்டில் கேட்டால், "கியூஆர் கோடைக் காட்டினால் போதும்" என்று பதில். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கூரியர் தம்பி வந்து நின்றதும் முதல் கேள்வி, "அக்கா, லேபிள் எங்கே?" சாட்டில் சொன்னதைச் சொல்லி போனை நீட்டினேன். அவர் தன் போனை எடுத்து என் ஸ்கிரீனை ஒரு போட்டோ பிடித்தார். "ஹப்ல போய் ஒட்டிக்கிறேன்கா." ரசீது கேட்டதற்கு, "சிஸ்டத்துல தானா ஏறிடும்." கையில் ஸ்கேனர் இருந்தது, ஆனால் அதை எடுக்கவே இல்லை. வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆப்பில் நிலவரம் அசையவே இல்லை. அப்புறம் திடீரென்று, வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் பார்சல் எடுக்க முடியவில்லை என்று வந்தது! கெடு தாண்டியதும் ரிட்டர்னையே ரத்து செய்துவிட்டார்கள். அதைவிடக் கூத்து, சில நாளில் அதே பெட்டி எங்கள் அடுக்குமாடி கார்ட் போஸ்ட்டுக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் டெலிவரி வந்தபோது ஒட்டியிருந்த லேபிள் பெட்டியின் பக்கத்தில் அப்படியே இருந்தது, புது லேபிளை யாரும் ஒட்டவில்லை. ஹப்பில் பழைய பார்கோடுதான் ஸ்கேன் ஆகியிருக்கிறது, அதில் இருந்தது என் முகவரி.

இதை ஆப்காரர்களிடம் விளக்கி வாய் வலித்துப் போனது. கார்ட் போஸ்ட் புத்தகத்தில் அந்த வேனின் நம்பரும் வந்த நேரமும் இருந்ததால் தப்பித்தேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன் என்றும் எழுதினேன் (5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் யாரும் போகலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம்). அதுவரை ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ரிட்டர்னை மறுபடி திறந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கியூஆர் கோடு லேபிளே கிடையாது. கூரியர் கவுண்டரில் காட்டினால் அங்கே இருப்பவர் அதை ஸ்கேன் பண்ணி, தன்னுடைய பிரிண்டரில் லேபிள் அடித்து ஒட்டுவார். வேனில் வருகிறவரிடம் பெரும்பாலும் பிரிண்டர் இருக்காது. அவருக்கு வேண்டியது பெட்டிமேல் ஒட்டிய லேபிள், அதில் ரிட்டர்ன் டிராக்கிங் நம்பரின் பார்கோடு. ஆர்டர் நம்பரைக் காட்டினால் அவருடைய ஸ்கேனருக்கு ஒன்றும் புரியாது, போட்டோ எடுத்தால் எங்கேயும் பதிவாகாது. சில சேவைகளில் லேபிளை அவரே கொண்டுவருவார், ஆனால் அப்படியானால் பிக்கப் உறுதி செய்யும் மெசேஜிலேயே எழுதியிருக்கும். அப்போதும் அவர் ஒட்டுகிற லேபிளில் உள்ள நம்பரும் உங்கள் ஆப்பில் இருக்கும் ரிட்டர்ன் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள், கடைசி நான்கு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை போட்டோஸ்டாட் கடைக்கு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்பை அனுப்பினேன், 50 சென்தான் ஆனது. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள், பார்கோடின் கோடுகள் மங்கலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்கேனர் படிக்காது. தாளைச் சுருக்காமல் அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டும்போது பார்கோடு பெட்டியின் விளிம்பில் மடியக் கூடாது, பளபளக்கும் டேப்பையும் அதன்மேல் ஒட்ட வேண்டாம், ஓரங்களில் மட்டும் போதும். பழைய லேபிளை உரித்துவிடுங்கள், வரவில்லையென்றால் கறுப்பு மார்க்கரால் பார்கோடு முழுக்கத் தேய்த்து மறைத்துவிடுங்கள். அச்சடிக்கவே வழியில்லாதவர்கள் வீட்டு பிக்கப்பை ரத்து செய்துவிட்டு கவுண்டருக்கே தூக்கிக்கொண்டு போவது மேல்.

இந்த முறை வேறு ஒருவர் வந்தார். லேபிளைப் பார்த்ததும் ஸ்கேனரை நீட்டினார், 'பீப்' என்றது, அவர் லிஃப்ட்டுக்குள் போவதற்குள் ஆப்பில் `Picked Up` என்று மாறிவிட்டது. அந்தத் திரையையும், லேபிள் தெரியும்படி பெட்டியையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பணம் கணக்கில் ஏறும்வரை அழிக்கப்போவதில்லை.