மதிப்பெண் தாளா, ஆம்–இல்லை பட்டியலா?

ஒன்பதாம் வகுப்பில் 40 பேர், ஐந்தைந்து பேராக 8 குழுக்கள். தலைப்பு மழைநீர் சேகரிப்பு. ஒரு குழு பேசும்போது மற்றவர்கள் மதிப்பிட வேண்டும். அதற்கு மூன்று விதமான தாள்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, 'தெளிவு', 'குழு ஒற்றுமை' என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடும் தாள். கூட்டிப் போடுவது சுலபம். ஆனால் ஒற்றுமைக்கு 7 என்றால் என்ன, 8 என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நட்பும் சண்டையும்தான் மதிப்பெண் போடும். ஒரு குழுவுக்கு 7, 7, 8, 7, 2 என்று வந்தது. சராசரி 6.2. அந்த 2 போட்ட பையனுக்கும் குழுத் தலைவனுக்கும் அன்று காலையில்தான் தகராறு. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 7 கிடைக்கும். மதிப்பெண்தான் வேண்டும் என்றால் அப்படி எடுப்பதே நியாயம். ஆனாலும் எதைத் திருத்திக்கொள்வது என்று அந்தக் குழுவுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, 'இரண்டு நல்லது, ஒரு யோசனை' எழுதும் தாள். யார் மனதும் நோகாது. ஆனால் பாதித் தாள்களில் 'சூப்பர்' மட்டுமே இருந்தது.

மூன்றாவதைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். கண்ணால் பார்க்கக்கூடிய ஐந்தே கேள்விகள், ஆம் அல்லது இல்லை:

- ஐந்து பேரும் பேசினார்களா?
- உன் இடத்தில் குரல் கேட்டதா?
- சார்ட்டைப் படிக்காமல், காட்டி விளக்கினார்களா?
- நம் ஊர் உதாரணம் ஒன்று சொன்னார்களா?
- கேள்விக்குப் பதிலோ, 'பார்த்துச் சொல்கிறோம்' என்றோ சொன்னார்களா?

கீழே ஒரு வரி: 'எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்?' ஆளின் பெயரை எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரு மாணவி எழுதினாள்: "மணல் வடிகட்டி பற்றிச் சொன்னபோது முகம் சார்ட் பக்கம் இருந்தது. எங்களைப் பார்த்துச் சொன்னால் கேட்கும்." எந்த மதிப்பெண்ணும் இதைச் சொல்லியிருக்காது.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு குழு, முதல் மழையின் நீரை நேராகத் தொட்டியில் விடலாம் என்றது. மாடியில் சேர்ந்த தூசியும் எச்சமும் அதில்தான் வரும், அதைத் தள்ளிவிட வேண்டும். அந்தக் குழுவுக்கு ஐந்துமே 'ஆம்'. பாடம் சரியா என்பதை நான்தான் பார்க்க வேண்டும்.

டிக்குகளைக் கூட்டி மதிப்பெண் ஆக்குவதும் இல்லை. நான்சி ஃபால்ச்சிகோவும் ஜூடி கோல்ட்ஃபிஞ்சும் 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000-ல் எழுதியது இது: அளவுகோல் நன்றாகப் புரிந்து, மொத்தமாக ஒரே தீர்ப்பு சொல்லும்போதுதான் மாணவர் மதிப்பீடு ஆசிரியர் மதிப்பீட்டுக்கு அருகில் வருகிறது, தனித்தனி அம்சங்களுக்கு மதிப்பெண் போடும்போது விலகுகிறது.

அளவுகோல் புரிய ஒத்திகை வேண்டும். முதல் நாள் வேண்டுமென்றே தவறுகளோடு மூன்று நிமிடம் நானே பேசினேன், அவர்கள் டிக் போட்டார்கள். இரண்டாம் கேள்வியில் முன் பெஞ்சு 'ஆம்', கடைசி பெஞ்சு 'இல்லை'. 'குரல் கேட்டதா' என்று இருந்த கேள்விக்கு முன்னால் 'உன் இடத்தில்' வந்தது அப்படித்தான்.