பெரிய தொட்டியா, தனிப் பேசினா, ஈரத் தூரிகையா?

பாலர் பள்ளியில் ‘நீர்’ என்ற கருப்பொருளுக்கு ஒரு வாரம் ஒதுக்கினால், ஆசிரியர்களின் கை முதலில் போவது பெரிய தொட்டியை நோக்கித்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு வரிசை வீட்டில் நடக்கும் சிறிய பாலர் பள்ளி எங்களுடையது. ஐந்து வயதுப் பிள்ளைகள் 16 பேர், நான், உடன் ஓர் உதவியாளர். இவர்களில் மூவருக்காகவே திட்டத்தை நான் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பையன் சட்டைக்கையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அழுதுவிடுவான். ஒரு சிறுமி குழாயடியை விட்டு நகரவே மாட்டாள். எவ்வளவு தண்ணீரும் அவளுக்குப் போதாது. மூன்றாமவன் குழாயைத் திறந்த ஒலி கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான்.

நீர் விளையாட்டுக்கு மூன்று வழிகளை இந்தப் பிள்ளைகளோடே செய்து பார்த்தேன். மூன்றிலும் நோக்கம் ஒன்றுதான்: தண்ணீர் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும், சில பொருள்கள் மிதக்கும், நனைந்தது காயும் என்பதைப் பிள்ளைகள் கைகளாலேயே கண்டுகொள்ள வேண்டும்.

பெரிய தொட்டியில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம். எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினாலே 43 லிட்டர் பிடிக்கும். சுற்றி ஆறு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆனால் பேச்சு என்று வந்தால் தொட்டியை வெல்ல எதுவும் இல்லை. “நீ புனலைப் பிடி, நான் ஊற்றுகிறேன்”, “என் படகை முட்டாதே”, “சிரட்டை ஏன் மூழ்கவில்லை?” என்று பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் விடாமல் பேசுவார்கள். வாய் திறக்காத பிள்ளையும் அங்கே இரண்டு சொல் சொல்லும்.

சொட்டு விழுந்தால் அழும் பையன் அந்தத் தொட்டியின் பக்கமே வரவில்லை. ஈரம் பிடிக்காத பிள்ளை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன்: சாப்பிடும் முன் தன் கையைத் தானே கழுவும்போது அவன் ஒரு முறையும் அழுததில்லை. அவனை அச்சுறுத்தியது எப்போது, எங்கிருந்து தண்ணீர் தெறிக்கும் என்று தெரியாத நிலை. பொதுத் தொட்டியில் தெறிப்பு எப்போதும் இன்னொருவர் கையிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் தொட்டிக்குப் பக்கத்தில் ‘உலர் மூலை’ வைத்து, தண்ணீர் அடைத்த ஜிப் பைகளைக் கொடுத்து அவனை உட்கார வைத்த என் ஏற்பாடும் பயன் தரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் பாதுகாப்பைக் கொடுத்தேன், ஆட்டத்தைக் கொடுக்கவில்லை.

காதைப் பொத்தும் பிள்ளைக்கும் தொட்டி ஒத்துவரவில்லை. பிளாஸ்டிக் தொட்டி, ஓடு பதித்த தரை, மேலே தகரக் கூரை. ஆறு பேர் ஒரே நேரத்தில் தண்ணீரை அடித்தால் ஒலி எங்கும் போகாமல் அங்கேயே சுழல்கிறது. தண்ணீர் போதாத சிறுமியோ மூன்றாவது நிமிடத்தில் ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இரண்டாவது வழி தனிப் பேசின். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டையான பேசின், அதில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். 16 பேருக்கும் சேர்த்து 24 லிட்டர்தான். கோலாலம்பூரில் தண்ணீர்த் தடை வரும் வாரங்களில் இந்த வித்தியாசம் பெரியது. பேசினுக்கு அடியில் ஒரு தடித்த துண்டை விரித்துவிட்டால் மேசையில் உரசும் ஒலி அடங்கிவிடும். குழாயை வகுப்புக்கு முன்பே திறந்து, வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்வேன். மாடித் தொட்டியில் வெயில் பட்ட தண்ணீர் சில நாள் கொதிப்பாகவே வரும். முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகுதான் ஊற்றுவேன்.

தெறிப்புக்கு அஞ்சியவனுக்கு இந்த வழியில் எல்லாம் மாறியது. அவன் பேசினில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். முதல் நாள் நீண்ட கைப்பிடிக் கரண்டியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் பஞ்சை இடுக்கியால் பிடித்து நனைத்தான். அடுத்த வாரம் அதே பஞ்சைக் கையால் பிழிந்தான். இறுகப் பிழிவது அவனுக்கு எளிதாக இருந்தது. லேசாக விரலில் வழியும் நீர்தான் கூசியது. மெல்லிய தொடுதலைவிட அழுத்தமான தொடுதலை இப்படிப்பட்ட பல பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் உலர்ந்த துண்டு ஒன்று இருக்கும். கேட்காமலே எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையை முழுதாகத் தண்ணீரில் வைக்க அவன் அந்த ஆண்டு முழுவதும் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஊற்றினான், அளந்தான், எது மிதக்கும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தான். பாடம் அவனுக்கும் கிடைத்தது.

அவன் அம்மா ஒரு நாள் கேட்டார்: “டீச்சர், வீட்டில் தலைக்கு ஊற்றினால் தெருவே கேட்கும்படி அழுகிறான். என்ன செய்வது?” குவளையை அவன் கையிலேயே கொடுத்து, மூன்று வரை எண்ணிய பின் அவனே ஊற்றிக்கொள்ளட்டும் என்று சொன்னேன். அழுகை முற்றிலும் நிற்கவில்லை, குறைந்தது என்று பிறகு சொன்னார்.

தண்ணீர் போதாத சிறுமி பேசினை இரண்டாவது நிமிடத்திலேயே கவிழ்த்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது பாரம், அசைவு. எனவே அவளை ‘தண்ணீர்க்காரம்மா’ ஆக்கினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. சிறிய வாளியில் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, முன்தளத்திலிருந்து மேசைக்கு அவளே சுமந்து வந்து பேசின்களை நிரப்பினாள். பத்து, பன்னிரண்டு நடை நடந்த பிறகு அவள் உட்கார்ந்து விளையாடிய நேரம் மற்ற நாள்களைவிடத் தெளிவாக அதிகம். தசைகளுக்கு வேலை கொடுக்கும் சுமை பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும் என்று தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சொல்வதை அங்கே நேரில் பார்த்தேன்.

பேசினின் குறை, வகுப்பு மௌனமாகிவிடுவது. ஆளுக்கொரு பேசின் என்றால் ஆளுக்கொரு தீவு. இரண்டு பேசின்களை ஒட்டி வைத்து, நடுவில் ஒரே ஒரு புனலும் ஒரு போத்தலும் வைத்தேன். தண்ணீர் தனி, புனல் பொது. புனல் வேண்டுமானால் கேட்டுத்தான் ஆக வேண்டும்; பேச்சு திரும்பி வந்தது. தொட்டி அளவுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பேசினில் என்ன போடுவது என்பதில் ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண நீர்மணிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். வழுவழுப்பான உணர்வு வேண்டுமென்றால் வேகவைத்த சவ்வரிசி, சிராப் பானத்தில் போடும் ஊறவைத்த செலாசே விதை இரண்டும் நம் கடைகளிலேயே கிடைக்கின்றன. வழுவழுப்பு பிடிக்காத பிள்ளையின் பேசினில் வெறும் தண்ணீரே போதும். மிதக்க விடுவதற்குத் தோலோடு ஒரு மாண்டரின் ஆரஞ்சு, தோலுரித்த ஒன்று, ஒரு சிரட்டை, ஓர் உருண்டைக் களிமண். தோலோடு இருப்பது மிதக்கும், உரித்தது பெரும்பாலும் மூழ்கும். தோலுக்குள் காற்று இருக்கிறது. மூழ்கிய களிமண்ணைக் கிண்ணமாகக் குழித்துவிட்டால் மிதக்கும்.

மூன்றாவது வழிதான் மிக எளிது: கால் லிட்டர் தண்ணீர், சுவருக்கு வண்ணம் அடிக்கும் அகலத் தூரிகை, வெளியே சிமென்ட் சுவர். மொத்தம் நான்கு லிட்டர் தண்ணீரில் வகுப்பே விளையாடிவிடும். ஒலி இல்லை, ஒருவர் மேல் ஒருவர் தெறிப்பதில்லை. சுவரை உருளையால் அழுத்தித் தேய்ப்பது தண்ணீர்க்காரம்மாவுக்கு மிகவும் பிடித்த வேலை. ஈரமான இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் ஈரம் கோட்டுக்குள் சுருங்கியிருக்கும். “எங்கே போனது?” என்ற கேள்வி தானாகவே வரும். வெயில் படும் சுவரில் ஒன்று, நிழலில் ஒன்று என்று வரையச் சொன்னால் பதிலின் பாதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் சுவர் நீரை உறிஞ்ச வேண்டும். பளபளப்பான ஓட்டிலும் எண்ணெய்ப் பூச்சிலும் தண்ணீர் கோடாக வழிந்து ஓடும், படமே தெரியாது. முந்தைய இரவு மழை பெய்து காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் படம் காயவே காயாது. மிதத்தல், அளத்தல் எதையும் இதில் சொல்லித்தர முடியாது. ஒன்பது மணிக்குள் தொடங்க வேண்டும். சிமென்ட் தரையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுட்டால் செருப்போடு விளையாட விட வேண்டும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால், பேசினையும் தண்ணீர் சுமக்கும் வேலையையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பேன். ஒரு வாரம் இருந்தால் திங்களன்று தூரிகை. தண்ணீரை அஞ்சும் பிள்ளை உடலில் படாமலே அதோடு பழகிக்கொள்ளும். செவ்வாய் முதல் வியாழன் வரை பேசின். வெள்ளியன்று தொட்டி, ஆனால் நான்கு நான்கு பேராக, விரும்பி வருபவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் பேசினிலேயே தொடரலாம். அந்த நால்வரில் தெறிப்புக்கு அஞ்சிய பையனும் ஒரு வெள்ளியன்று சேர்ந்துகொண்டான், கரண்டியோடு.

பேசின் நாளுக்கு 40 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் ‘நிரப்பு, விளையாடு, கொட்டு’ என்று மூன்று படங்களைக் காட்டுகிறேன். எப்போது முடியும் என்று தெரிந்தால் முடிவில் அழுகை குறைகிறது. பிறகு பத்து நிமிடம் சுமந்து நிரப்புவது, இருபது நிமிடம் விளையாட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் தண்ணீரைப் பூச்சட்டிக்கு ஊற்றி உலர்ந்த சட்டை மாற்றுவது. இடையில் தோள்கள் காதுவரை உயர்வதும், விரல்கள் விறைத்து விரிவதும், சிரிப்பு திடீரென்று கீச்சென ஏறுவதும் அளவு மிஞ்சியதற்கான அடையாளங்கள். சிரிக்கிறான், மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று கடைசி அடையாளத்தைத்தான் நாம் தவறவிடுகிறோம். அப்போது பிள்ளையை உலர்ந்த துண்டால் சுற்றி, வேண்டுமென்றால் இறுக்கமாக, சற்று விலகி உட்கார வைக்கிறேன். திரும்பி வருவதும் வராததும் அவன் விருப்பம்.

சில சென்டிமீட்டர் தண்ணீரும் சிறு பிள்ளைக்கு ஆபத்துதான். துண்டுகளை முன்பே அடுக்கி வைத்துவிடுவது அதற்காகவே. எடுத்து வர ஒருவரும் உள்ளே போகக்கூடாது. கைகால்வாய்ப்புண் நோய் பரவும் காலத்தில் பொதுத் தொட்டி முற்றிலும் கூடாது, பேசினும் தூரிகையும் மட்டும். அந்த நோய்க்கிருமியிடம் ஆல்கஹால் கைத்திரவம் அவ்வளவாகப் பலிக்காது. விளையாட்டுக்கு முன்னும் பின்னும் சோப்பால் கழுவ வேண்டும். தண்ணீரை அன்றே கொட்டி, பேசின்களை நீர் கலந்த குளோராக்ஸால் துடைத்து, அலசி, கவிழ்த்துக் காயவைக்கிறோம். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய தண்ணீரே போதும் என்பதால், முன்தளத்தில் மறந்துபோன ஒரு குவளையைக்கூட வீட்டுக்குக் கிளம்பும் முன் தேடிப் பார்க்கிறோம். அந்த வேலையைத் தண்ணீர்க்காரம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.