மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்பும் காலம்: ஒற்றை ஹசார்டு விகிதமா, கட்டம் பிரித்த விகிதமா, ஆர்.எம்.எஸ்.டி.யா?

மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தைப் பல ஆண்டுகள் எடுத்து நலமாக இருக்கும் ஒருவர் அதை நிறுத்தினால் நோய் எப்போது திரும்பும்? இதை நேரடியாகக் கேட்ட பெரிய ஆய்வுகளில் ஒன்று பிரிட்டனின் ஆன்ட்லர். 150 குடும்ப மருத்துவர் நிலையங்களிலிருந்து 478 பேர் அதில் சேர்ந்தார்கள். 2021-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவுகள் வெளியாயின. சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின், மிர்ட்டசாபின் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துவந்தவர்களில் 238 பேர் அதையே தொடர்ந்தார்கள். 240 பேருக்கு அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, பிறகு போலி மாத்திரை தரப்பட்டது. யார் எந்தக் குழு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 52 வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் தொடர்ந்த குழுவில் 39%, நிறுத்திய குழுவில் 56%. அதுவரை நலமாக இருப்பவருக்கு அந்தக் கணத்தில் நோய் திரும்பும் வேகமே ஹசார்டு. காக்ஸ் மாதிரி தந்த, தொடர்ந்த குழுவோடு ஒப்பிட்ட நிறுத்திய குழுவின் ஹசார்டு விகிதம் 2.06; 95% நம்பக இடைவெளி 1.56 முதல் 2.70 வரை.

“நிறுத்தினால் ஆபத்து இரு மடங்கு” என்று இந்த எண்ணைப் படிப்பது எளிது. ஆனால் எந்த மாதத்தில் இரு மடங்கு? முதல் மாதத்திலும் பத்தாம் மாதத்திலும் ஒரே அளவா? மருந்தை நிறுத்தும் ஆய்வுகளில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. நிறுத்திய முதல் வாரங்களில் விலகல் அறிகுறிகள் வருகின்றன. தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம், சோர்வு ஆகியவை மனச்சோர்வை அளக்கும் வினாநிரலிலும் இருப்பவைதான். ஆகவே நிறுத்திய குழுவின் ஹசார்டில் தொடக்கத்தில் ஒரு மேடு எழுந்து பிறகு தணியலாம் என்று முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஒற்றை ஹசார்டு விகிதம், கட்டம் பிரித்த விகிதம், நோய் திரும்பாத சராசரிக் காலமான ஆர்.எம்.எஸ்.டி. என்று கீழே ஒப்பிடும் மூன்று வழிகளும் இந்த மேட்டை வெவ்வேறு விதமாகக் கையாளுகின்றன.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு

கையால் சரிபார்க்க வசதியாக ஒரு கற்பனைத் தரவை எடுத்துக்கொள்வோம். இதன் ஹசார்டுகள் நாம் வைத்தவை, ஆன்ட்லரின் ஹசார்டுகள் அல்ல. தொடரும் குழுவில் ஹசார்டு மாதத்துக்கு 0.04, ஆண்டு முழுவதும் மாறாதது. நிறுத்திய குழுவில் முதல் 4 மாதம் 0.12, அதன்பின் அதே 0.04. அதாவது உண்மையான விகிதம் முதல் 4 மாதம் 3, பிறகு 1.

ஹசார்டை மாதங்களோடு பெருக்கிக் கூட்டினால் திரண்ட ஹசார்டு கிடைக்கும். அதன் எதிர்மறையை e-இன் அடுக்காக்கினால் நோய் திரும்பாமல் இருப்போரின் பங்கு வரும். தொடர்ந்தோருக்கு 12 மாதத் திரட்சி 0.48. அப்படியென்றால் 62% பேர் நலமாக இருப்பார்கள், 38% பேருக்கு நோய் திரும்பியிருக்கும். நிறுத்தியோருக்குத் திரட்சி 0.48 + 0.32 = 0.80. 45% பேர் நலமாக இருப்பார்கள், 55% பேருக்குத் திரும்பியிருக்கும். ஆண்டு முடிவு எண்கள் ஆன்ட்லருக்கு மிக அருகில் வருவதைக் கவனியுங்கள். 38%, 55% என்ற முடிவு எண்கள் மட்டும் கையில் இருந்தால் உள்ளே ஒரு மேடு ஒளிந்திருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதனால்தான் எந்த வழியைத் தேர்ந்தாலும் நலமாக இருப்போரின் பங்கு காலத்தோடு எப்படிக் குறைகிறது என்று காட்டும் கப்லன்–மெயர் வளைவை முதலில் வரையச் சொல்கிறோம்.

ஒற்றை ஹசார்டு விகிதம்

இந்தத் தரவில் காக்ஸ் மாதிரியைப் பொருத்தினால் விகிதம் சுமார் 1.8 வரும். ஆண்டின் எந்த நாளிலும் உண்மையாக இல்லாத எண் அது. 3-க்கும் 1-க்கும் இடையில், நிகழ்வுகள் எங்கே அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்த ஒரு சராசரி.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அதே நோயாளிகளை 6 மாதம் மட்டும் பின்தொடர்ந்திருந்தால் விகிதம் சுமார் 2.4. 24 மாதம் பின்தொடர்ந்தால் சுமார் 1.5. மருந்தும் மாறவில்லை, நோயும் மாறவில்லை. ஆய்வு எத்தனை மாதம் நடந்தது என்பது மட்டுமே மாறியது. நிறுத்துதல் குறித்த ஆய்வுகளை ஒரே மெட்டா-பகுப்பாய்வில் சேர்ப்பவர்கள், அவற்றின் முரண்பாட்டுக்கு மருந்து வகையில் காரணம் தேடும் முன் பின்தொடர் காலத்தைப் பார்க்க வேண்டும்.

“விகிதாசார அனுமானத்தைச் சோதித்தோம், பி மதிப்பு 0.2, ஆகவே சிக்கல் இல்லை” என்ற வரி பல கட்டுரைகளில் வருகிறது. ஹசார்டு விகிதம் காலம் முழுவதும் மாறாது என்பதே அந்த அனுமானம். ஒரு குழுவுக்கு நூறு பேர் அளவுள்ள ஆய்வில் அந்தச் சோதனைக்கு வலு குறைவு. விகிதம் காலத்தோடு மாறுகிறதா என்று காட்டும் ஷோன்ஃபெல்ட் எச்சங்களின் படத்தை வரைந்து, கோடு தொடக்கத்தில் உயர்ந்து பிறகு இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கட்டம் பிரித்த விகிதம்

காலத்தை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி விகிதம் கணிப்பது அடுத்த வழி. ஆர் மென்பொருளில் இதற்குச் சில வரிகளே போதும். கீழே `arm` என்பது நிறுத்தியவர்களுக்கு 1, தொடர்ந்தவர்களுக்கு 0.

```r
library(survival)
fit <- coxph(Surv(month, relapse) ~ arm, data = d)
plot(cox.zph(fit))

d2 <- survSplit(Surv(month, relapse) ~ ., data = d,
                cut = 4, episode = "phase")
coxph(Surv(tstart, month, relapse) ~ arm:strata(phase), data = d2)
```

நம் தரவில் இது 3, 1 என்ற இரண்டையும் ஏறக்குறைய மீட்டுத் தரும். மருத்துவருக்கு வேண்டிய செய்தியும் இதில்தான் இருக்கிறது: முதல் நான்கு மாதம் நெருங்கிக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வெட்டும் இடத்தை யார் முடிவு செய்தார்கள்? வளைவைப் பார்த்துவிட்டு, இடைவெளி எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கே வெட்டினால் முதல் கட்ட விகிதம் ஊதிப்போகும், நம்பக இடைவெளியும் பொய்யாகக் குறுகும். வெட்டும் இடம் மருந்தளவைக் குறைத்த அட்டவணையிலிருந்து வர வேண்டும், தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அளவைக் குறைக்க 2 மாதம் எடுத்தால், பங்கேற்பாளர் மருந்தே இல்லாமல் இருக்கத் தொடங்குவது மூன்றாம் மாதத்தில்தான். மேடும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். ஃப்ளூஆக்ஸெட்டினும் அதன் வளர்சிதைப்பொருளும் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் அந்த மருந்தில் இன்னும் தாமதமாகும். நான்கு மருந்துக்கும் ஒரே வெட்டு என்று வைத்தால் மேடு கலங்கிவிடும்.

இரண்டாம் கட்டத்தின் 1 என்ற விகிதத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. நான்காம் மாதத்தைத் தாண்டியவர்கள் தேறி வந்தவர்கள். நிறுத்திய குழுவில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். தொடர்ந்த குழுவில் அவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். சீரற்ற ஒதுக்கீடு தந்த சமநிலை அந்த இடத்தில் குலைந்துவிட்டது. ஆகவே “நான்கு மாதத்துக்குப் பின் மருந்துக்குப் பயனில்லை” என்று அந்த 1-ஐ வைத்து எழுதக் கூடாது.

ஆர்.எம்.எஸ்.டி.

குறிப்பிட்ட காலவரம்புக்குள் ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் நோய் திரும்பாமல் இருந்தார் என்பதே ஆர்.எம்.எஸ்.டி. கப்லன்–மெயர் வளைவுக்குக் கீழுள்ள பரப்பளவுதான் அது. நம் தரவில் 12 மாத வரம்புக்குத் தொடர்ந்தோருக்கு 9.5 மாதம், நிறுத்தியோருக்கு 7.4 மாதம், வேறுபாடு 2.1 மாதம். விகிதாசார அனுமானம் இதற்குத் தேவையே இல்லை. நோயாளியிடம் அப்படியே சொல்லக்கூடிய எண்ணும் இதுதான்.

```r
library(survRM2)
rmst2(time = d$month, status = d$relapse, arm = d$arm, tau = 12)
```

காலவரம்பை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி மாதங்களில் சிலரே மிஞ்சியிருக்கும் பகுதிவரை நீட்டினால் பரப்பளவு ஆட்டம் காணும்.

பலரும் கவனிக்காத பலவீனம் ஒன்று இதில் இருக்கிறது: தொடக்கத்தில் நடக்கும் தவறான வகைப்பாட்டுக்கு ஆர்.எம்.எஸ்.டி. மிக அதிக விலை கொடுக்கிறது. நிறுத்திய குழுவின் 100 பேரில் 10 பேருக்கு முதல் மாத முடிவில் வந்தது வெறும் விலகல் அறிகுறி, அதை நோய் திரும்பியதாகப் பதிந்துவிட்டோம் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் மீதி 11 மாதத்தையும் கணக்கில் இழக்கிறார்கள். உண்மையில் அவர்கள் 0.04 ஹசார்டில் தொடர்ந்திருந்தால் அந்த 11 மாதத்தில் சராசரியாக 8.9 மாதம் நலமாக இருந்திருப்பார்கள். பத்துப் பேருக்கு 89 மாதம். நூறு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 0.9 மாதம். 2.1 என்ற வேறுபாடு 1.2 ஆகச் சுருங்குகிறது! இந்தக் கணக்கை உணர்திறன் பகுப்பாய்வாகக் கட்டுரையிலேயே காட்டுவது நல்லது. ஐயத்துக்குரியவர்களை அடையாளம் காண, தலைசுற்றல், மின் அதிர்ச்சி போன்ற உணர்வு என மனச்சோர்வில் வழக்கமாக வராத அறிகுறிகளைத் தனியே பதிந்திருக்க வேண்டும். ஆன்ட்லர் விலகல் அறிகுறிகளைத் தனி அளவுகோலால் அளந்தது, 12-ஆம் வாரத்தில் நிறுத்தியோரிடம் அவை அதிகமாக இருந்தன.

மூன்றையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியது

ஆன்ட்லரில் நிறுத்திய குழுவினரில் 39% பேர் ஆய்வு முடிவதற்குள் மருத்துவர் எழுதித்தந்த மருந்துக்குத் திரும்பியிருந்தார்கள். இப்படித் திரும்பும் நாளில் ஒருவரைச் சென்சார் செய்வது, அதாவது அதுவரையிலான தகவலை மட்டும் வைத்துக்கொண்டு அன்றோடு அவரைக் கணக்கிலிருந்து விடுவிப்பது, பலருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் சென்சார் செய்வது, அவருக்கு இனி வரும் ஆபத்து குழுவில் மிஞ்சியிருப்போரின் ஆபத்தைப் போன்றதே என்று எடுத்துக்கொள்வதாகும். மருந்துக்குத் திரும்புபவர் பெரும்பாலும் நிலை சரியத் தொடங்கியதால் திரும்புகிறார். அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவோர் நலமானவர்களாகத் தெரிவார்கள், நிறுத்துதலின் தீங்கு குறைத்துக் காட்டப்படும். மேலே சொன்ன எந்த வழியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

முதன்மைப் பகுப்பாய்வில் அவரைச் சென்சார் செய்யாமல் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துப் பின்தொடருங்கள். அப்போது விடை “நிறுத்திப் பார்க்கும் முடிவின் விளைவு” என்ற கேள்விக்கு உரியது. மருந்தே இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. அதற்குத் திரும்பும் வாய்ப்பை முந்தைய அறிகுறி மதிப்பெண்களைக் கொண்டு கணித்து, எடையிட்டுச் சென்சார் செய்ய வேண்டும். அந்த மதிப்பெண்கள் அடுத்தடுத்த வருகைகளில் பதிவாகியிருந்தால் மட்டுமே இது நடக்கும்.

இந்த வகை ஆய்வுக்கு எங்கள் தேர்வு, வளைவோடு சேர்த்து 12 மாத ஆர்.எம்.எஸ்.டி. வேறுபாட்டை முதன்மை முடிவாக வைப்பது. கட்டம் பிரித்த விகிதம் விளக்கத்துக்காக அடுத்த இடத்தில் வரலாம். ஒற்றை விகிதத்தைப் பிற ஆய்வுகளோடு ஒப்பிட உதவியாக அட்டவணையில் தந்து, பக்கத்திலேயே பின்தொடர் காலத்தையும் எழுதிவிடுங்கள்.